நடு ஆண்டில் பள்ளி மாற்றம்: முதல்வருக்கு எழுதும் கடிதம்

பாதி ஆண்டு ஓடிய பிறகு வரும் கடிதத்தைப் பார்க்கும் முதல்வருக்கு இரண்டு கேள்விகள் எழும். வகுப்பில் இடம் இருக்கிறதா? இந்தப் பிள்ளை இதுவரை நடந்த பாடத்தோடு ஒட்டிக்கொள்ளுமா? முதலாவது நம் கையில் இல்லை. கடிதம் பதில் சொல்ல வேண்டியது இரண்டாவதற்கு.

முதலில் பேனாவை எடுக்காதீர்கள். புதிய பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, அந்த வகுப்பில் இடம் காலியா, இரண்டாம் மொழியாக எவையெல்லாம் இருக்கின்றன என்று கேளுங்கள். பிறகு பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் எதுவரை நடத்தியிருக்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் குறித்து வாங்குங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் குறிப்பைத்தான். மதிப்பெண் பட்டியல் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்றுதான் சொல்லும், எங்கே நிற்கிறது என்று சொல்லாது.

அடுத்து 'பொருள்' வரி. 'சேர்க்கை தொடர்பாக' என்று மொட்டையாக எழுதினால் கடிதம் வேறு கடிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். வகுப்பும் காரணமும் அதிலேயே இருக்கட்டும்.

பிறகு உள்ளடக்கம். ஏழாம் வகுப்பு மாணவிக்கு இப்படி எழுதலாம்:

> பொருள்: ஏழாம் வகுப்பில் நடு ஆண்டுச் சேர்க்கை வேண்டி – பணியிட மாற்றம்
>
> மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,
>
> வணக்கம். பணியிட மாற்றத்தால் நாங்கள் இம்மாதம் 4ஆம் தேதி இந்நகருக்குக் குடிவந்தோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளைத் தங்கள் பள்ளியில் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> கணக்கில் முழுக்களும் பின்னங்களும் முடித்திருக்கிறாள், இயற்கணிதம் தொடங்கவில்லை. இரண்டாம் மொழி பிரெஞ்சு. விடுபட்ட பாடங்களை வீட்டில் படிக்க வைக்கிறோம். நுழைவுத் தேர்வு இருந்தால் எழுதத் தயார்.
>
> மாற்றுச் சான்றிதழுக்கு 6ஆம் தேதி விண்ணப்பித்துள்ளேன். 15ஆம் தேதி தருவதாகக் கூறியுள்ளனர். தாங்கள் குறிக்கும் நாளில் மகளுடன் நேரில் வருகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கையொப்பம், தொலைபேசி எண்)
>
> இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் நகல், மதிப்பெண் பட்டியல், பாடக் குறிப்பு, முகவரிச் சான்று

'இயற்கணிதம் தொடங்கவில்லை' என்பதை மறைக்கத் தோன்றும். மறைத்தால் சேர்ந்த முதல் வாரமே கணக்கு வகுப்பில் தெரிந்துவிடும். முன்பே சொன்னால் அதற்கு ஏற்பாடு செய்ய ஆசிரியருக்கு அவகாசம் கிடைக்கும். மாற்றுச் சான்றிதழும் அப்படித்தான்: 'விரைவில் தருகிறேன்' என்பதை யாரும் நம்புவதில்லை, விண்ணப்பித்த தேதியை நம்புவார்கள்.

வீடு மாறிய கதைக்கு ஒரு வரி போதும். பழைய பள்ளியைப் பற்றிய குறை ஒரு வரிகூட வேண்டாம். நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று படிப்பவர் நினைப்பார்.

கடைசியாக, ஒரே பக்கத்தில் முடித்து இரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் அந்தத் தேதியைச் சொல்லி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.