பிஸ்கட் உறையில் மாவுதான் முதலிலா?

ரெயூனியனில் விற்கும் பொட்டலங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிதான்: தயாரிக்கும்போது எடையில் அதிகம் சேர்த்த பொருள் பட்டியலில் முதலில் வரவேண்டும். சேன் ஆந்த்ரே கடையில் ஒரு பிஸ்கட்டை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கோதுமை மாவு, சுக்ர், பாமாயில், குளுக்கோஸ் சிரோ, டெக்ஸ்ட்ரோஸ் என்றிருக்கிறது. மாவு 38, சர்க்கரை 25, எண்ணெய் 17, சிரோ 10, டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம் இருந்தாலும் இதே வரிசைதான் வரும். சர்க்கரை, சிரோ, டெக்ஸ்ட்ரோஸ் மூன்றும் இனிப்புகள்தான்; கூட்டினால் 40, மாவைவிட அதிகம்! பிரித்து எழுதியதால் மாவு முன்னால் நிற்கிறது. சந்தேகமிருந்தால் சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு 'சுக்ர்' என்று பாருங்கள். கடைசிப் பெயர்களின் வரிசையை நம்ப வேண்டாம். 2 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம்.