விண்ணப்பம் முதல் சுற்றிலேயே நின்றுவிடுவது ஏன்? இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு மனிதவளத் துறைத் தலைவர் ஆற்றிய உரை

பயிற்சிப் பொறியாளர் பணிக்கு நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்தை எங்கள் நிறுவனத்தில் முதலில் மனிதர்கள் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும், தேர்ச்சி பெறாத அரியர் இருக்கக் கூடாது என்ற விதிகளை வைத்துக் கணினியே பிரித்துவிடுகிறது. காலையில் முதல் விண்ணப்பத்தைப் படிக்கும்போது இருக்கும் கவனம் மாலையில் நூறாவதைப் படிக்கும்போது இருக்காது; தெரிந்த கல்லூரியின் பெயரைக் கண்டால் மனம் சற்று இளகவும் செய்யும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்காகவே விதியை முன்னால் வைத்திருக்கிறோம்.

ஆனால் படிவத்தில் நீங்கள் நிரப்பும் எண்ணைத் தவிர விதிக்கு வேறெதுவும் தெரியாது. சதவீதம் கேட்கும் கட்டத்தில் சி.ஜி.பி.ஏ.வை அப்படியே 7.8 என்று எழுதினால், அது 7.8 சதவீதமாகவே கொள்ளப்பட்டு விண்ணப்பம் நின்றுவிடும். உங்கள் பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி சதவீதமாக மாற்றியே எழுதுங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள்; அது பூஜ்யமாகக் கணக்காகிறது. அங்கே டிப்ளமோவைத் தேர்ந்தெடுத்து, அந்த மதிப்பெண்ணை நிரப்ப வேண்டும்.

இவற்றைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது, எண்ணை உயர்த்தி எழுதும் தவறு. பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 351 பெற்ற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அது 58.5 சதவீதம். அவர் 60 என்று எழுதினால் முதல் சுற்றைக் கடந்துவிடுவார்; எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் வெற்றி பெற்ற பிறகு, சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் மதிப்பெண் பட்டியல் அவரைக் காட்டிக்கொடுக்கும். பொய்த் தகவல் தந்தவர் என்ற காரணத்தால் பணி ஆணை ரத்தாகும். அதே மாணவி 58.5 என்றே எழுதியிருந்தால் நிராகரிக்கப்பட்டிருக்க மாட்டார். ஏனெனில், ஏதேனும் ஒரு தேர்வில் மட்டும் 57க்கும் 60க்கும் இடையே நிற்பவர்களைக் கணினி தனிப் பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பட்டியலை நாங்கள் கண்ணால் படிக்கிறோம்.

அவரது விண்ணப்பத்தை இருவர் தனித்தனியாகப் படிப்பார்கள். ஒருவர் எழுதிய முடிவு மற்றவருக்குத் தெரியாது. செமஸ்டர்தோறும் மதிப்பெண் ஏறியிருக்கிறதா, இறுதியாண்டு புராஜெக்டில் அவர் கையால் செய்த பகுதி எது, மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ‘கூடுதல் விவரம்’ என்ற கட்டத்தைப் பெரும்பாலோர் வெறுமையாக விடுவது பெரிய இழப்பு. ‘பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் டெங்குவால் மருத்துவமனையில் இருந்தேன், சான்று உள்ளது’ என்ற ஒரே வரி போதும். ‘கடின உழைப்பாளி’ என்று பத்து வரி எழுதினாலும் அதில் நாங்கள் சரிபார்க்க ஒன்றுமில்லை. இருவரும் வேறுபட்டால் மூன்றாவதாக நான் படித்து, எந்த முடிவானாலும் காரணத்தைப் பதிவு செய்கிறேன்.

அரியர் விதியில் மட்டும் இந்த மறுபார்வை கிடையாது. பட்டம் கையில் வருமா என்பதே உறுதியாகாதபோது, நாங்கள் எடைபோட அங்கே எதுவும் இருப்பதில்லை. முன்பு அரியர் வைத்து, பிறகு எழுதித் தேறியவர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை; ‘தற்போது நிலுவை: இல்லை’ என்று குறித்தால் விதி உங்களைத் தடுக்காது.