வாக்கு வரம்பைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் பாடம் எடுக்கிறேன். கட்சிகள் பெற்ற வாக்குகளின் அளவுக்கேற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாச்சாரத் தேர்தல் முறையில் ஒரு கட்சி இடம் பெறுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வாக்குச் சதவீதம், அதாவது வாக்கு வரம்பு, பற்றி அவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதையே வேறொருவர் கையெழுத்தில் படிப்பது போலிருக்கிறது. நாடுகளின் பெயரையும் சதவீதத்தையும் மாற்றி எழுதுவது போன்ற பிழைகளைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது, எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் முடிவு தவறிப்போகும் இடங்களை.

டெபாசிட்டோடு குழப்புவது

நம் ஊரில் ஆறில் ஒரு பங்கு வாக்குப் பெறாத வேட்பாளர் இழப்பது பணத்தை; வாக்கு வரம்பைத் தாண்டாத கட்சி இழப்பது இடங்களை.

செல்லாத வாக்குகளை வீணான வாக்குகளோடு கூட்டுவது

கூட்டாதீர்கள். செல்லாத வாக்கு தவறாகப் பதிவானதால் கணக்கில் சேராதது; வீணான வாக்கு சரியாகப் பதிவாகி எண்ணப்பட்டும் இடம் எதையும் பெற்றுத் தராதது.

பழைய வாக்குகளின் மேல் புதிய வரம்பை வைத்துப் பார்ப்பது

இந்தத் தவறுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது; ஏனெனில் இதன் வேரான, மக்கள் எப்போதும் முன்பு போலவே வாக்களிப்பார்கள் என்ற எண்ணத்தில், நானே அச்சில் தவறியிருக்கிறேன்.

துருக்கியில் 1983 முதல் 10 சதவீத வரம்பு இருந்தது. எழுபதுகளில் சிறு கட்சிகளின் தயவில் அமைந்த கூட்டணி அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததைப் பார்த்த இராணுவ ஆட்சியின் காலத்தில், கட்சிச் சிதறலைத் தடுக்கவென்றே அவ்வளவு உயரத்தில் அது வைக்கப்பட்டது. 2002 தேர்தலில் இரண்டு கட்சிகள் மட்டுமே அதைத் தாண்டின. அதன் கணக்கை வகுப்பில் விளக்க நான் புளியங்கொட்டைகளைப் பயன்படுத்துவதுண்டு. நூறு கொட்டைகளை மேசையில் கொட்டி, 34, 19, 9, 8, 7, 6, 5 எனக் குவியல்களாகப் பிரித்து, மீதி 12-ஐ உதிரிகளாக விடுவோம். பிறகு ஒரு மாணவி எழுந்து வந்து, பத்துக்குக் குறைந்த குவியல்களையெல்லாம் மேசையிலிருந்து கையால் ஒதுக்கித் தள்ளுவார். மீதி இருப்பது 53 கொட்டைகள். அதில் முதல் கட்சியின் 34 என்பது 64 சதவீதம். உண்மையில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி 34.3 சதவீத வாக்குகளோடு 550 இடங்களில் 363-ஐப் பிடித்தது. ஏறக்குறைய 45 சதவீத வாக்குகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 9.5 சதவீதம் பெற்ற ஒரு கட்சி, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வாக்குகள் குறைந்ததால் வெளியே நின்றது.

இதைப் பார்த்து நான் ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதினேன். பத்து சதவீத வரம்பு இருக்கும்வரை துருக்கியில் ஒவ்வொரு தேர்தலிலும் பாதி வாக்குகள் வீணாகும் என்றும், சிதறலைத் தடுப்பதற்கு அந்நாடு கொடுக்கும் நிரந்தர விலை அதுவே என்றும், அட்டவணையெல்லாம் போட்டு உறுதியாக முடித்திருந்தேன். 2007 தேர்தலில் வரம்பு மாறவில்லை. ஆனால் வீணான வாக்குகள் சுமார் 13 சதவீதமாகச் சுருங்கின. இதழின் ஆசிரியர் என் கட்டுரையையும் புதிய முடிவுகள் வந்த செய்தித்தாள் நறுக்கையும் ஒரே உறையில் போட்டு, ஒரு வார்த்தையும் எழுதாமல், எனக்கு அனுப்பிவைத்தார்.

நான் விட்டது என்னவென்றால், வரம்பு வாக்குகளை எண்ணும்போது மட்டும் வேலை செய்வதில்லை. வாக்களிப்பதற்கு முன்பே தலைவர்களின் கணக்கிலும் வாக்காளர்களின் மனத்திலும் வேலை செய்துவிடுகிறது. 2001 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆளுங்கூட்டணிக் கட்சிகளை விட்டு வெளியேறிய வாக்காளர்களுக்கு, எந்தக் கட்சி வரம்பைத் தாண்டும் என்று ஊகிக்க 2002-இல் வழியில்லை. அதனால்தான் அத்தனை கட்சிகள் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்டன. அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் தேறியிருந்தார்கள். வலதுசாரி வாக்குகளில் ஒரு பகுதி தேசியவாத இயக்கக் கட்சியிடம் திரண்டு, அதை 14.3 சதவீதத்துக்கு ஏற்றியது. வரம்பு கட்சிகளுக்குத்தான், சுயேச்சைகளுக்கு இல்லை என்பதால், குர்துக்களின் கட்சி தன் வேட்பாளர்களைச் சுயேச்சைகளாக நிறுத்தி இருபதுக்கும் மேற்பட்டோரை உள்ளே அனுப்பியது.

இதன் விளைவைப் பாருங்கள். ஆளுங்கட்சியின் வாக்கு 34.3-லிருந்து 46.6 சதவீதமாக ஏறியது. இடங்களோ 363-லிருந்து 341-ஆக இறங்கின. குர்து ஆதரவுக் கட்சி துணிந்து கட்சியாகவே போட்டியிட்டு 13.1 சதவீதம் பெற்ற ஜூன் 2015 தேர்தலில், அதே ஆளுங்கட்சி 40.9 சதவீத வாக்கோடு 258 இடங்களில் நின்று பெரும்பான்மையை இழந்தது. மூன்று தேர்தல்களிலும் வரம்பு அதே பத்துதான். (அது 7-ஆகக் குறைக்கப்பட்டது 2022-இல்.)

ஆகவே 'வரம்பு உயர்ந்தால் வீணாகும் வாக்கு உயரும்' என்று எழுதும்போது, வரம்புக்குச் சற்றுக் கீழே எத்தனை கட்சிகள் நிற்கின்றன, அவை இணையுமா, வாக்காளர்கள் நம்பும்படியான கருத்துக்கணிப்புகள் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போன மாதம் தருமபுரியிலிருந்து வரும் ஒரு மாணவர், 2013 ஜெர்மனி முடிவுகளில் அந்நாட்டின் ஐந்து சதவீத வரம்பை மூன்றாக்கி, 4.8 சதவீதம் பெற்ற சுதந்திர ஜனநாயகக் கட்சியையும் 4.7 பெற்ற இன்னொரு கட்சியையும் உள்ளே விட்டு, அரசே மாறியிருக்கும் என்று முடித்திருந்தார். வரம்பு மூன்று என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதே மக்கள் அப்படியே வாக்களித்திருப்பார்களா என்று ஓரத்தில் எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் கை சூடாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

சட்டத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பது

இலங்கையில் மாவட்ட அளவில் 5 சதவீத வரம்பு உண்டு. 1978 அரசியலமைப்பில் அது 12.5 சதவீதமாக இருந்தது. ஆனால் ஐந்து இடங்களே உள்ள மாவட்டத்தில் 6 சதவீத வாக்கு வைத்திருப்பவர் சட்ட வரம்பைத் தாண்டியும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார், ஏனெனில் பங்கிட அங்கே அவ்வளவு இடங்கள் இல்லை. தொகுதியின் இடங்கள் குறையக் குறைய எழுதாத வரம்பு ஒன்று தானாக உயர்கிறது. ஒரே இடமுள்ள நம் முறை அதன் கடைசி எல்லை: 2024-இல் தருமபுரி மக்களவைத் தொகுதியில் வென்றவர் பெற்றது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மற்ற வாக்குகள் எல்லாம் இடம் தராதவை. சட்டத்தில் வரம்பே இல்லாத நாடு என்று இந்தியாவைப் பட்டியலிடும் கட்டுரையில் இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இணைந்தால் தப்பலாம் என்று நம்புவது

வரம்புக்குப் பயந்து சிறு கட்சிகள் சேர்வது வழக்கம்தான். இஸ்ரேலில் வரம்பு 3.25 சதவீதமாக உயர்ந்தபின் அரபுக் கட்சிகள் 2015-இல் ஒரே பட்டியலில் நின்று 13 இடங்கள் பெற்றன. ஆனால் போலந்தில் தனிக் கட்சிக்கு 5, கூட்டணிக்கு 8 என்று இரண்டு வரம்புகள் உண்டு. 2015-இல் அங்குள்ள இடதுசாரிகள் கூட்டணியாகப் பதிவு செய்துகொண்டு 7.55 சதவீதம் பெற்றார்கள். ஒரு கட்சியின் பெயரில் நின்றிருந்தால் தாராளமாகத் தாண்டியிருக்கக்கூடிய அந்த வாக்குகள் ஓர் இடமும் தரவில்லை, 37.6 சதவீதம் பெற்ற சட்டம் மற்றும் நீதிக் கட்சி 460-இல் 235 இடங்களோடு தனித்து ஆட்சி அமைத்தது.