வசைபாடும் வாடிக்கையாளர்: முதலில் சேமியுங்கள், பிறகு பதில் எழுதுங்கள்

அட்டன், பண்டாரவளை, பதுளை என்று மலையகத்தின் பல ஊர்களில் இப்போது நிறையப் பேர் வீட்டில் இருந்தபடியே பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடர் எடுத்து, கூரியரில் சாமான் அனுப்பி விற்கிறார்கள். படம் போடுவது, பொதி கட்டுவது, பணம் வாங்குவது எல்லாம் ஒரே ஆள்தான். அதனால் வாங்குபவரின் ஏச்சும் நேராக அந்த ஒருவரின் போனுக்கே வருகிறது. அப்படி வரும்போது எந்த வரிசையில் என்ன செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

அட்டனில் இருக்கும் ஒரு பெண் சுடிதார் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து எம் சைஸ் ஒன்றுக்கு ஓடர் வருகிறது. விலை 3,850 ரூபாய், கூரியர் 450, மொத்தம் 4,300. பார்சல் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறை. பார்சல் போய்ச் சேர்ந்த இரவு 10.40க்கு வாட்ஸ்அப்பில் இப்படி வருகிறது: "திருட்டுக் கூட்டம். துணி சின்னது. தோட்டத்து ஆளுங்ககிட்ட வாங்கினது என் தப்பு. நாளைக்கு உன் பேஜை நாறடிக்கிறேன் பாரு." பின்னால் இரண்டு குரல் பதிவுகள், அவற்றில் கெட்ட வார்த்தைகள்.

படி 1: பதில் எழுதும் முன் சேமியுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒருவர் தான் அனுப்பிய செய்தியை ஏறத்தாழ இரண்டரை நாள் வரைக்கும் இரு பக்கமும் அழிக்கலாம். காலையில் கோபம் தணிந்ததும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு உங்கள் போனில் "செய்தி அழிக்கப்பட்டது" என்ற வரி மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் சூடாக எழுதிய பதில் மட்டும் அங்கே நின்றால், பார்ப்பவருக்கு நீங்கள்தான் ஏசியவர் போலத் தெரியும்.

ஆகவே வந்தவுடனே ஸ்கிரீன்சொட் எடுங்கள். அதில் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து போன் நம்பர் தெரியும்படி இன்னொன்றும் எடுங்கள். அன்றைய செய்திகளின் மேல் "இன்று" என்றுதான் காட்டும், தேதி காட்டாது. அதனால் முழு உரையாடலையும் தனிக் கோப்பாக எடுத்து வைப்பது நல்லது. ஆண்ட்ரொயிட் போனில் உரையாடலின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு இப்படிப் போங்கள்:

```
More > Export chat > Include media
```

இதில் ஒவ்வொரு செய்திக்கும் தேதியும் நேரமும் சேர்ந்து வரும், குரல் பதிவுகளும் கூடவே வரும். அதை உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். தோட்டப் பக்கம் சிக்னல் குறைந்த இடமென்றால் அனுப்புவது பாதியில் நின்றுவிடும், போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை மட்டும் திறக்கக்கூடிய படத்தை ஸ்கிரீன்சொட் எடுக்க வாட்ஸ்அப் விடாது. அதைத் திறக்கும் முன் பக்கத்தில் இருப்பவரின் போனைத் தயாராக வைத்து, அதில் படம் எடுங்கள்.

படி 2: ஒரு சீ.ஆர். கொப்பி

ஸ்கிரீன்சொட் நூறு படங்களுக்கு நடுவில் காணாமல் போகும். அதனால் ஒரு சீ.ஆர். கொப்பி போடுங்கள். தேதி, நேரம், ஓடர் விவரம், கூரியர் வேபில் நம்பர், அவர் சொன்னது, நான் சொன்னது, கோப்பின் பெயர். இவ்வளவு போதும்.

அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். சிங்களத்தில் ஏசியிருந்தால் சிங்களத்திலேயே, ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் அதே எழுத்தில். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். வார்த்தையே இருந்தால் படிப்பவர் தானே புரிந்துகொள்வார். எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும் எழுதுங்கள், அந்தக் கூச்சம் சொன்னவருக்குத்தான் உரியது.

போனில் அழைத்து ஏசினால் பதிவு எதுவும் மிஞ்சாது. "தயவு செய்து வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், அங்கே பதில் தருகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். உடனே நீங்களே எழுதுங்கள்: "இப்போது 7.40க்கு அழைத்து, துணி சின்னது என்றும் பணம் திரும்ப வேண்டும் என்றும் சொன்னீர்கள்." அவர் மறுக்காவிட்டால் அதுவே ஒரு பதிவு.

படி 3: குறையையும் ஏச்சையும் பிரியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். அந்தச் செய்தியில் ஒரே ஒரு வியாபார விஷயம் இருக்கிறது: துணி சின்னது. மற்றதெல்லாம் ஏச்சு. முதலில் அந்த ஒன்றை நேர்மையாகச் சரிபாருங்கள்.

இதற்குத்தான் அனுப்பும் முன் எடுத்த வீடியோ வேண்டும். துணியை விரித்து, மார்புப் பகுதியில் டேப் வைத்து அளவு காட்டி, மடித்துப் பையில் போட்டு, வேபில் ஒட்டுவது வரைக்கும் நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோ. உங்கள் பேஜில் எம் என்றால் மார்பளவு 38 அங்குலம் என்று போட்டிருக்கிறீர்கள். வீடியோவிலும் 38 இருந்தால் சொன்னதைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். 36 இருந்தால் தவறு உங்கள் பக்கம், அவர் எவ்வளவு கேவலமாக ஏசியிருந்தாலும் போகவர கூரியர் செலவு உங்களுடையதுதான். ஏசினார் என்பதற்காகக் குறையைத் தீர்க்காமல் விடுவது நியாயம் இல்லை. அவர் பேஸ்புக்கில் எழுதினால், அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

படி 4: பதில்

இரவில் எழுத வேண்டாம். வீடியோவில் 38 இருந்தால் காலையில் இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் 12ஆம் தேதி எம் சைஸ் கேட்டீர்கள், பேஜில் உள்ள அளவு 38 அங்குலம். அனுப்பும் முன் அளந்த வீடியோவை இங்கே இணைக்கிறேன். துணியைப் பாவிக்காமல், லேபிள் கழற்றாமல் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பினால் 40 அங்குலத்தில் மாற்றித் தருகிறேன். மாற்றும் கூரியர் செலவு உங்களுடையது. இனி இந்த ஓடர் பற்றி மட்டும் பேசுவோம். கெட்ட வார்த்தையில் வரும் செய்திக்குப் பதில் தரமாட்டேன்."

ஏச்சுக்குக் கடைசி இரண்டு வரி மட்டும்தான். "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று விளக்கம் வேண்டாம், தோட்டத்தைப் பற்றிச் சொன்னதற்கு விவாதமும் வேண்டாம். மனசு கொதிக்கும்தான், அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். வாங்கியவருடைய நம்பரும் விலாசமும் தெரியும்படி ஸ்கிரீன்சொட்டை பேஜில் போடுவது கூடவே கூடாது. அது அவருடைய சொந்த விவரம், போட்டால் குற்றம் சொல்லப்படுபவர் நீங்களாகிவிடுவீர்கள்.

பணம் திருப்பிக் கொடுப்பதானால் பொருள் கைக்கு வந்து, திறக்கும்போது வீடியோ எடுத்த பிறகு வங்கி மூலம் அனுப்பி, ஸ்லிப்பை அதே உரையாடலில் போடுங்கள்.

படி 5: பிளொக் செய்வது கடைசியில்

கணக்கு முடியாமல் பிளொக் செய்தால் "காசை எடுத்துக்கொண்டு பிளொக் பண்ணிட்டாங்க" என்ற பேச்சுக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். முடிந்ததும் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் புகார் செய்து பிளொக் செய்யும்போது உங்கள் போனில் உள்ள உரையாடலும் அழிய வாய்ப்புண்டு. முதல் படியில் எடுத்த கோப்பு ஈமெயிலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.

மிரட்டல் வந்தால்

"வீட்டுக்கு வருவேன்", "அடிப்பேன்", ஆபாசப் படம், படத்தை மாற்றிப் போடுவேன் என்பதெல்லாம் வந்தால் மேலே உள்ள வரிசை பொருந்தாது. பதில் எழுதாமல் சேமித்துக்கொண்டு கிட்டிய பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். அவசரம் என்றால் 119. பெண்கள் 1938 என்ற உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். கொப்பி, அச்சிட்ட பிரதி, போன் மூன்றையும் கொண்டு போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதிகாரி சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

அப்புறம் ஒன்று. இப்படிப்பட்டவர் சில மாதம் கழித்து வேறு நம்பரில் ஓடர் போடுவதுண்டு. விலாசம் மாறாது. புது ஓடர் வரும்போது விலாசத்தைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதே விலாசம் என்றால் முதலில் வங்கியில் பணம் போடச் சொல்லுங்கள்.