கிரயப் பத்திரம் சரியாக இருந்தும் நிலம் ஏன் கைவிட்டுப் போகலாம்? தாய்ப் பத்திரம் பார்க்கும் முறை

போன வருஷம் ஒத்தக்கடை பக்கம் 20 சென்ட் இடம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். விற்பவர் 2016-ல் வாங்கிய கிரயப் பத்திரம், அவர் பெயரில் பட்டா, 13 வருஷ வில்லங்கச் சான்று எல்லாம் இருந்தன. "பத்திரம் பக்கா தம்பி, நாளைக்கே பதிஞ்சிரலாம்" என்றார் தரகர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் 2016-ல் அவருக்கு விற்றவரிடம் எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுதான் இவருக்கு வந்திருக்கும். பதிவு அலுவலகத்தில் முத்திரை விழுந்தால் உரிமை கூடிவிடாது. பட்டாவும் வருவாய்த் துறைக் கணக்குதான். அதனால் அவருக்கு முன்னால் நிலம் கைமாறி வந்த பழைய பத்திரங்களை, அதாவது தாய்ப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும்.

1. வில்லங்கத்தை நீளமாக எடுங்கள்

tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்வையிடக் காசு கிடையாது. தரகர் கொண்டுவரும் 13 வருஷத்தோடு நிற்காமல், தளம் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவும் பாருங்கள். பெரும்பாலும் 1975-க்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். நான் எடுத்ததில் 2004-ல் அண்ணன் தம்பி இருவருக்குள் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது.

2. சான்றிட்ட நகல் வாங்குங்கள்

விற்பவர் தரும் ஜெராக்ஸை நான் நம்புவதில்லை. பக்கம் குறைந்திருந்தால் நமக்குத் தெரியாது. பத்திர எண்ணும் வருஷமும் வில்லங்கத்திலேயே இருக்கும், அதை வைத்து நகல் கேட்கலாம்.

3. "சொத்து வந்த விவரம்" பத்தியை நிதானமாகப் படியுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். 2004 பத்திரத்தில் இப்படி இருந்தது: "நமது தகப்பனார் 1974-ல் கிரயம் பெற்று ஆண்டனுபவித்து வந்து 1996-ல் காலமாகிவிட்டபடியாலும், தாயாரும் 2001-ல் காலமாகிவிட்டபடியாலும், வாரிசுகளான நாம் இருவரும்..." இரண்டு தடவை படித்தும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "பொம்பளைப் பிள்ளைக யாரும் இல்லையா?"

பத்திரத்தில் இல்லை. வில்லங்கத்திலும் வராது, அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. ஊருக்குப் போய் டீக்கடையில் விசாரித்தால், "ரெண்டு பேரு இருக்காகள்ல, மூத்தது சிவகங்கையில வாக்கப்பட்டிருக்கு" என்றார் ஒரு பெரியவர். பிறகு தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை விற்பவர் தேடிக் கொண்டுவந்தார். அதில் நான்கு பிள்ளைகள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்தம் 40 சென்ட். அப்பா சுயமாக வாங்கியது, உயில் எழுதவில்லை. எனவே 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன், இரண்டு மகள் என ஐந்து சம பங்கு. அம்மாவும் உயில் எழுதாமல் இறந்ததால் அவர் பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் போகிறது. ஆக ஆளுக்குக் கால் பங்கு, அதாவது 10 சென்ட். 2016-ல் தம்பி 20 சென்ட்டை விற்றிருக்கிறார், அவருக்கு இருந்தது 10 சென்ட் அளவு பங்குதான். அதுவும் எந்தப் பக்கம் என்று பிரிக்கப்படாதது. "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்ற பேச்சால் மகள் பங்கு போய்விடாது. (பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு மாறும், அதை வக்கீலிடம் விடுங்கள்.)

4. விடுபட்டவர்களைப் பத்திரத்துக்குள் கொண்டுவாருங்கள்

"அக்கா தங்கச்சியைச் சாட்சியா கையெழுத்துப் போட வச்சிருவோம்" என்றார் தரகர். அது போதாது. சாட்சிக் கையெழுத்தால் பங்கு கைமாறாது. இருவரும் எழுதிக் கொடுப்பவர்களாகவே சேர வேண்டும். இத்தனை வருஷம் கேட்காததால் உரிமை போய்விட்டது என்று கோர்ட்டில் வாதாடலாம்தான், ஆனால் அது வழக்கு நடந்து முடிந்தால்தான் தெரியும். அதை நம்பி நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

மூத்தவர் சம்மதித்தார். இளையவர் இன்றைய விலைக்குத் தன் பங்கைக் கேட்டார், நியாயம்தான். விற்பவருக்குக் கட்டுப்படியாகவில்லை. நான்கு மாதம் அலைந்து முன்பணத்தைத் திரும்ப வாங்கினேன்.

பின்சேர்க்கை: மேலூர் பக்கத்து வாசகர் ஒருவர், தனக்கு வில்லங்கத்தில் 1990-க்கு முன் ஒன்றுமே வரவில்லை என்று எழுதியிருந்தார். அவர் தேடியது புதிய உட்பிரிவு எண்ணில். பழைய பத்திரங்கள் பழைய சர்வே எண்ணில் இருக்கும். தாய்ப் பத்திரத்தின் சொத்து விவரத்திலிருந்து அந்த எண்ணை எடுத்துத் தனியாக ஒரு தடவை தேடச் சொன்னேன். 1983-ல் ஒரு அடமானம் வந்தது, ரத்துப் பத்திரத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.