கன்டெய்னரை வைத்துக் கப்பலை அளக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்ற எவர் கிவன் கப்பலின் படங்கள் நினைவிருக்கும். முகப்புக்குக் கீழே கரையில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று பொம்மை போல நிற்கும். அந்தக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். விடை தெரிந்த கப்பல் என்பதால் படத்திலிருந்து நீளம் கணக்கிட்டுப் பழக அது நல்ல பாடம்.

கணக்கு ரொம்ப எளிது. மேல்தளத்தில் அடுக்கியிருக்கும் 40 அடிப் பெட்டி உலகில் எங்கே போனாலும் 12.19 மீட்டர்தான். படத்தில் கப்பல் எத்தனை பிக்சல், ஒரு பெட்டி எத்தனை பிக்சல் என்று எண்ணி, வகுத்து, 12.19-ஆல் பெருக்கினால் நீளம் வந்துவிடும். கணக்கில் பிழை இல்லை. எந்தப் பெட்டியை எடுத்தோம் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, தெளிவாகத் தெரிகிறதே என்று நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியை எடுப்பது. இது எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 மீட்டர் கப்பல் ஒன்று நம் பார்வைக் கோட்டுக்கு 45 பாகை சாய்வாக நிற்கிறது. அதன் நடுப்பகுதி நம்மிடமிருந்து 600 மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியானால் ஒரு முனை சுமார் 460 மீட்டரிலும், மறுமுனை சுமார் 740 மீட்டரிலும் இருக்கும். படத்தில் கப்பல் 2995 பிக்சல் நீளம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், பக்கத்து முனையிலிருக்கும் 40 அடிப் பெட்டி 148 பிக்சல், நடுவில் இருப்பது 86, தூரத்து முனையில் இருப்பது 56 பிக்சல் வரும். மூன்றும் ஒரே அளவுப் பெட்டிகள்தான்.

148-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் கப்பல் 247 மீட்டர். 86-ஐ வைத்தால் 425. 56-ஐ வைத்தால் 652 மீட்டர்; அப்படி ஒரு கப்பல் கடலிலேயே இல்லை. தொலைவு ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடியிருக்கிறது, பெட்டி மட்டும் ஏன் இவ்வளவு சுருங்குகிறது? தூரம் ஒரு தடவை சிறிதாக்குகிறது. தூரத்துப் பெட்டியை நாம் இன்னும் சாய்வாகப் பார்ப்பதால் இன்னொரு தடவையும் சிறிதாகிறது. அதாவது சுருக்கம் தொலைவின் இருமடியாகப் போகிறது.

சரி, இரண்டு முனைகளின் சராசரியை எடுத்தால் போதாதா? 148-ஐயும் 56-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 102. அதை வைத்தால் 358 மீட்டர் வருகிறது, இன்னும் 40 மீட்டர் குறைவு. கூட்டாமல் பெருக்க வேண்டும். 148-ஐ 56-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 91 வரும். 2995-ஐ 91-ஆல் வகுத்து 12.19-ஆல் பெருக்குங்கள்: 401 மீட்டர். இது தற்செயல் இல்லை. சுருக்கம் இருமடியாகப் போவதால், பெட்டிகள் சரியாக முனைகளில் இருந்தால் இந்தப் பெருக்குச் சராசரி எப்போதும் சரியான விடையைத் தரும். நிஜக் கப்பலில் பெட்டிகள் முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும், அதனால் சில மீட்டர் பிசகும். அந்தக் கப்பலை ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுத்திருந்தால் முன்பெட்டிக்கும் பின்பெட்டிக்கும் 12 சதவீத வித்தியாசம்தான் இருக்கும். பெரிய தலைவலி இல்லை.

சாய்வாக எடுத்த படம் ஆயிற்றே, பெட்டி குறுகித் தெரியுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். பெட்டி கப்பலின் நீளவாக்கில்தான் கிடக்கிறது, அதனால் கப்பலும் கூடவே குறுகுகிறது. அதே படத்தில் பெட்டியின் கதவுப் பக்கத்து அகலத்தை, அதாவது 2.44 மீட்டரை, அளவுகோலாக எடுத்தால்தான் வம்பு. அது வேறு திசையைப் பார்த்து நிற்கிறது.

அடுத்தது பெட்டியின் வகை. 20 அடியையும் 40 அடியையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைப்போம். ஆனால் ஒரு 40 அடி இடத்தில் இரண்டு 20 அடிப் பெட்டிகளை இடையில் 76 மில்லிமீட்டர் மட்டும் விட்டு வைக்கலாம். மங்கலான படத்தில் அந்தக் கோடு தெரியவே தெரியாது. இதில் அளவு கெடாது, இரண்டும் சேர்ந்து அதே 12.19 தான். வினை 45 அடிப் பெட்டியில் இருக்கிறது. நீளத்தை உயரத்தால் வகுத்து வகையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உண்டு. பக்கவாட்டுப் படத்தில் சாதாரண 40 அடிப் பெட்டிக்கு 4.7 வரும், உயரமான 40 அடிப் பெட்டிக்கு 4.2 வரும். ஆனால் உயரமான 45 அடிப் பெட்டிக்கும் 4.7 தான்! விகிதம் ஒன்று, நீளம் 13.72 மீட்டர். அதை 40 என்று எடுத்தால் 400 மீட்டர் கப்பல் 355 ஆகிவிடும். 45 அடிப் பெட்டியை மேலடுக்குகளில் வைப்பார்கள், கீழே உள்ள பெட்டியை விட இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் எடையைத் தாங்கும் தூணும் முனையில் இல்லாமல் சற்று உள்ளே தெரியும்.

பெட்டியின் மேல் உள்ள குறியீடும் காலை வாரும். 45G1 என்று எழுதியிருந்தால் 45 அடி என்று நினைக்கத் தோன்றும். முதல் எழுத்து மட்டும்தான் நீளம்: 4 என்றால் 40 அடி. அடுத்த 5 உயரத்தைச் சொல்கிறது, ஒன்பதரை அடி. உண்மையான 45 அடிப் பெட்டியில் L5G1 என்றிருக்கும். நானும் ஒரு தடவை இதில் ஏமாந்து, பாதி ராத்திரி வரை கணக்கு ஏன் உதைக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நேர் பக்கவாட்டில் எடுத்த படமும் முழுசாக நம்பகமில்லை. பெட்டியை நம் பக்கத்து ஓரத்தில் அளக்கிறோம், முகப்பின் நுனியோ கப்பலின் நடுக்கோட்டில் இருக்கிறது. எவர் கிவன் அகலம் சுமார் 59 மீட்டர், ஆக நுனி நம்மிடமிருந்து 30 மீட்டர் கூடுதல் தூரம். 600 மீட்டரிலிருந்து எடுத்த படத்தில் முகப்புப் பக்கம் மட்டும் 9 மீட்டர் காணாமல் போகும். பின்புறம் பெட்டி மாதிரி அகலமாக இருப்பதால் அங்கே இழப்பு குறைவு.

உயிர்காப்புப் படகை அளவுகோலாக எடுப்பது எனக்குப் பிடிக்காத வழி. கன்டெய்னரைப் போல அதற்கு ஒரே அளவு கிடையாது. சின்னச் சரக்குக் கப்பலில் ஆறேழு மீட்டர் இருக்கலாம். ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் போன்ற உல்லாசக் கப்பலிலோ ஒரு படகில் 370 பேர் ஏறலாம். ஒரே கப்பலிலும் எல்லாம் ஒன்றல்ல. டைட்டானிக்கில் 14 பெரிய படகுகள் 30 அடி, ஆனால் முன்னால் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கிய இரண்டு அவசரப் படகுகள் 25 அடி 2 அங்குலம்தான். முதலில் கண்ணில் படுகிறதே என்று அதை 30 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 269 மீட்டர் கப்பல் 321 மீட்டராக நீளும். பின்புறத்தில் சரிவாக நிறுத்தி வைத்து நேரே கடலில் பாய விடும் படகு என்றால் அதை அளக்கவே வேண்டாம், அதன் சாய்வு கப்பலின் திசையோடு பொருந்தாது.

படகைத் தவிர வேறு வழியில்லை என்றால் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் படகின் முனையைப் பாருங்கள். பல படகுகளில் அளவையும், எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் மேலேயே எழுதியிருப்பார்கள். படம் கூர்மையாக இருந்தால் அந்த எண்ணையே படித்துவிடலாம்.