n ஆவது உறுப்புக்கான சூத்திரம் சரியா? 1, 2, 3 போட்டுப் பார்க்கலாம்

மேசைமேல் நாலு தீக்குச்சிகளை வைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். அதன் வலப்பக்கத்தை ஒட்டியே அடுத்த சதுரம். இதற்கு நாலு குச்சி வேண்டாம், மூன்றே போதும். முதல் சதுரத்தின் வலப்பக்கக் குச்சியே இரண்டாவதற்கு இடப்பக்கமாகிவிடுகிறது. மூன்றாவதுக்கும் அப்படியே மூன்று. ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தக் குச்சிகளை எண்ணினால் 4, 7, 10, 13 என்று வரும்.

என்னிடம் கணக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் இதற்கு n ஆவது உறுப்பைக் கேட்டேன். "ஒரு சதுரத்துக்கு நாலு குச்சி, அப்போ n சதுரத்துக்கு 4n தானே மிஸ்?" என்றாள். n = 1 போட்டாள், 4 வந்தது, டிக் அடித்துவிட்டாள். "ரெண்டும் போட்டுப் பாரும்மா" என்றேன். 8 வந்தது. மேசையில் இருந்ததோ 7. இரண்டு தடவை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு நடுவில் நின்ற குச்சியைத் தூக்கிக் காட்டி, "இதை ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்றாள்.

சரிபார்ப்பது என்றால் இதுதான். தப்பு இருக்கிறதா என்று மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். அதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் சூத்திரம்

கூட்டுத் தொடர்வரிசையில் முதல் உறுப்பு a, பொது வித்தியாசம் d என்றால்

```
t_n = a + (n − 1)d
```

குச்சிக் கணக்கில் a = 4, d = 3. ஆகவே t_n = 4 + 3(n − 1), சுருக்கினால் 3n + 1. ஏன் n − 1? முதல் சதுரத்தில் இன்னும் எதையும் கூட்டவில்லை. இரண்டாவதில் ஒரு தடவை 3 கூட்டினோம், மூன்றாவதில் இரண்டு தடவை. கூட்டும் தடவை எப்போதும் இட எண்ணைவிட ஒன்று குறைவு.

படி 1: தெரிந்த உறுப்புகளை முதலில் எழுதி வையுங்கள்

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, கொடுத்த வரிசையிலிருந்தோ கையால் எண்ணியோ கிடைத்த எண்களை இட எண்ணோடு எழுதுங்கள்: 1 ஆவது இடத்தில் 4, 2 ஆவது இடத்தில் 7, 3 ஆவது இடத்தில் 10. நிறையப் பேர் சூத்திரத்தில் போட்டு வந்த எண்களையே "வரிசை" என்று எழுதிக்கொண்டு, அதோடு அதையே ஒப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்தச் சூத்திரமும் சரியாகத்தான் தெரியும்.

படி 2: அடைப்புக்குறி போட்டுப் பிரதியிடுங்கள்

```
n = 1 :  3(1) + 1 = 4
n = 2 :  3(2) + 1 = 7
n = 3 :  3(3) + 1 = 10
```

அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். 3n இல் n = 2 போடச் சொன்னால் 32 என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 3 க்கும் n க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருக்கல் இருப்பதை அடைப்புக்குறிதான் நினைவூட்டும்.

படி 3: ஒப்பிடுங்கள், ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள்

மூன்றும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஒத்துப்போகவில்லை என்றால் உடனே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த வித்தியாசங்களிலேயே தப்பின் முகவரி இருக்கிறது. இறங்கு வரிசை ஒன்றை எடுத்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் குறை எண் வரும்போதுதான் கை அதிகம் தடுமாறும்.

வரிசை: 50, 43, 36, 29. இங்கே a = 50, d = −7.

ஒருவர் 50 − 7n என்று எழுதுகிறார் என்று வையுங்கள். 1, 2, 3 போட்டால் 43, 36, 29 வருகிறது. வர வேண்டியதைவிட ஒவ்வொன்றும் 7 குறைவு. கூர்ந்து பார்த்தால் இவை நம் வரிசையின் எண்களேதான், ஓர் இடம் முன்கூட்டியே வந்துவிட்டன. (n − 1) போட வேண்டிய இடத்தில் n போட்டுவிட்டார். வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒன்றாகவும், அது சரியாக ஒரு d அளவாகவும் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொருவர் 50 − 7(n − 1) என்று சரியாகவே தொடங்குகிறார். விரிக்கும்போது 50 − 7n − 7 என்று எழுதி 43 − 7n இல் முடிக்கிறார். போட்டுப் பார்த்தால் 36, 29, 22. இப்போதும் வித்தியாசம் ஒரே அளவுதான், ஆனால் 14, அதாவது 7 இன் இரண்டு மடங்கு. −7 ஐ −1 ஆல் பெருக்கினால் +7 வர வேண்டும். அவர் கூட்ட வேண்டிய 7 ஐக் கழித்துவிட்டதால் இரட்டிப்பாக விழுந்தது. சரியான விடை 50 − 7n + 7 = 57 − 7n. போட்டுப் பாருங்கள்: 50, 43, 36.

மூன்றாமவர் இறங்குவதைக் கவனிக்காமல் d = 7 என்று எடுத்துக்கொண்டார். 50 + 7(n − 1) = 7n + 43. n = 1 போட்டால் 50, சரி. n = 2 க்கு 57, வர வேண்டியது 43. n = 3 க்கு 64, வர வேண்டியது 36. வித்தியாசம் 0, 14, 28 என்று ஏறிக்கொண்டே போகிறது. குச்சிக் கணக்கில் 4n எழுதியபோதும் இதுவே நடந்தது: 0, 1, 2.

ஆக, வித்தியாசம் ஒரே அளவாக நின்றால் n இன் கெழு சரி, தனியாக நிற்கும் எண்ணில்தான் தப்பு. வித்தியாசம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போனால் n இன் கெழுவே தப்பு, அதாவது d ஐத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தப்பு. மூன்றாமவருக்குப் படிக்கு 14 கூடியது, அவர் போட்ட கெழு 7, இருக்க வேண்டியது 7 − 14 = −7.

எத்தனை இடம் போட்டால் போதும்?

ஒன்று போதாது என்பதை 4n காட்டிவிட்டது. a ஐச் சரியாக எடுத்த எந்தச் சூத்திரமும் n = 1 இல் தேறிவிடும், d எவ்வளவு தப்பாக இருந்தாலும்.

இரண்டு போதும். காரணம் எளிது. உங்கள் சூத்திரம் pn + q வடிவில் இருந்தால் அது தரும் எண்களும் ஒரு கூட்டுத் தொடர்வரிசை. கொடுத்த வரிசையும் கூட்டுத் தொடர்வரிசை. இரண்டுக்கும் முதல் உறுப்பும் இரண்டாம் உறுப்பும் ஒன்றாக இருந்தால் பொது வித்தியாசமும் ஒன்றாகிவிடும், பிறகு எங்கே போய்ப் பிரிய முடியும்? மூன்றாவதைப் போடச் சொல்வது நம் கைக்கணக்குப் பிசகைப் பிடிக்கத்தான்.

"pn + q வடிவில் இருந்தால்" என்ற நிபந்தனையை மறக்க வேண்டாம். இந்தச் சூத்திரத்தைப் பாருங்கள்:

```
3n + 1 + (n − 1)(n − 2)(n − 3)
```

n க்கு 1, 2, 3 போட்டால் பின்னால் இருக்கும் பெருக்கல் ஒவ்வொரு முறையும் பூச்சியம். அதனால் 4, 7, 10 என்று கச்சிதமாக வரும். n = 4 போட்டால் 13 + 3 × 2 × 1 = 19. மேசையில் இருப்பது 13 குச்சி. n³ ஒளிந்திருக்கும் சூத்திரத்துக்கு மூன்று இடச் சோதனையை நம்பக் கூடாது.

அதனால் முடிந்தபோதெல்லாம் கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தையும் வேறு வழியில் எண்ணிப் பார்த்துவிடுவேன். பத்துச் சதுரங்களுக்கு 3(10) + 1 = 31. மேல் வரிசையில் படுத்திருக்கும் குச்சிகள் 10, கீழ் வரிசையில் 10, நின்றிருக்கும் குச்சிகள் 11. மொத்தம் 31. இந்த வழியிலேயே n + n + (n + 1) = 3n + 1 என்று சூத்திரமும் கிடைத்துவிடுகிறது.

சூத்திரம் சரி, வரிசை அப்படி இல்லை என்றால்?

போட்டுப் பார்ப்பதால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஆண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் மூன்று போட்டிகள் நடந்த ஆண்டுகள் 1930, 1934, 1938. a = 1930, d = 4, ஆகவே 1930 + 4(n − 1) = 4n + 1926. 1, 2, 3 போட்டால் மூன்று ஆண்டும் அச்சாக வருகின்றன. n = 4 போட்டால் 1942. அந்த ஆண்டு போட்டியே இல்லை. இரண்டாம் உலகப் போரால் 1942, 1946 இரண்டும் நடக்கவில்லை. நான்காவது உலகக் கோப்பை 1950 இல்தான் நடந்தது.

நம் கணக்கில் பிழை எதுவும் இல்லை. வரிசை தொடர்ந்து நாலு நாலாகவே போகும் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் உடைந்தது. குச்சிகளில் அந்தப் பயம் இல்லை, ஒவ்வொரு சதுரமும் ஒரு பக்கத்தைப் பங்கிடுவதால் மூன்றுதான் கூடும் என்ற காரணம் கண்முன்னே இருக்கிறது. பாடப்புத்தகக் கணக்கில் "கூட்டுத் தொடர்வரிசை" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வெளியிலிருந்து எடுத்த எண்களுக்கு அந்த உறுதியை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

1950 ஐ முதல் உறுப்பாக வைத்து நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். 1950, 1954, 1958 என்று போகும் வரிசைக்கு 4n + 1946 வர வேண்டும். 1, 2, 3 போட்ட பிறகு n = 19 உம் போடுங்கள். 76 + 1946 = 2022, கத்தாரில் போட்டி நடந்த ஆண்டு.